இருப்பாய்வு பொருந்தியது, பங்கீடு பொருந்தவில்லை: ஒரு கூட்டாண்மைப் பகிர்வுக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

மூன்று பேர் நடத்திய ஒரு கூட்டாண்மை நிறுவனத்தில், ஆண்டு முடிந்து ஏடுகள் அடைக்கப்பட்டு, ஒவ்வொரு கூட்டாளிக்கும் அவரவர் நடப்புக் கணக்கின் நகல் கொடுக்கப்பட்ட பிறகு ஒரு கேள்வி எழுந்தது. நிறுவனத்தில் மிகுதியான முதலைப் போட்டிருந்தவரின் நடப்புக் கணக்கு, ஆண்டின் தொடக்கத்தில் 20,000 வரவிருப்பைக் காட்டியது. ஆண்டின் முடிவில் 12,520 பற்றிருப்பைக் காட்டியது. நிறுவனம் நல்ல இலாபம் ஈட்டிய ஆண்டு அது. அவர் பணம் எடுத்ததும் ஒரே ஒரு முறைதான். அப்படியிருக்க, தாம் நிறுவனத்துக்குக் கடன்பட்டவராக எப்படி ஆனோம் என்று அவர் கேட்டார். கணக்கரின் மறுமொழி இரண்டே சொற்களில் முடிந்தது: இருப்பாய்வு பொருந்துகிறது.

அது உண்மைதான். பற்றுகளின் மொத்தமும் வரவுகளின் மொத்தமும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு பொருந்தியது, இருப்புநிலைக் குறிப்பும் பொருந்தியது. ஆயினும் பங்கீடு தவறாக இருந்தது. பிறகு ஏடுகளைத் திரும்பப் பார்க்கும் பணி என்னிடம் வந்தபோது கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கணக்கைப் பின்தொடர்வதற்கு எளிதாக இருக்கும்படி தொகைகளை மாற்றியிருக்கிறேன். தவறுகளின் இயல்பையும் அவை நிகழ்ந்த வரிசையையும் மாற்றவில்லை.

ஒப்பாவணம் சொன்னது

கூட்டாளிகளை அவரவர் பங்களிப்பைக் கொண்டு முதலீட்டுக் கூட்டாளி, நிர்வாகக் கூட்டாளி, இளைய கூட்டாளி என்று குறிப்பிடுகிறேன். முதலீட்டுக் கூட்டாளியின் முதல் 10,00,000. அவர் அன்றாட வேலையில் ஈடுபடுவதில்லை. நிர்வாகக் கூட்டாளியின் முதல் 4,00,000. அவர் முழு நேரமும் தொழிலைப் பார்ப்பதால் மாதம் 15,000 ஊதியம் பெற உரிமை உண்டு. இளைய கூட்டாளி 2,00,000 முதலுடன் ஆண்டைத் தொடங்கி, ஒன்பதாம் மாதத்தின் முதல் நாளில் மேலும் 1,00,000 கொண்டுவந்தார். முதல் மீது ஆண்டுக்கு 6% வட்டி, எடுப்புகள் மீது ஆண்டுக்கு 8% வட்டி, மிஞ்சும் இலாபம் 2:2:1 என்ற விகிதம் என்பவை ஒப்பாவணத்தின் மற்ற விதிகள். நிலை முதல் முறை பின்பற்றப்பட்டதால், முதல் கணக்கு அப்படியே நிற்க, வட்டியும் ஊதியமும் எடுப்பும் இலாபப் பங்கும் நடப்புக் கணக்கில் பதிவாகும். நடப்புக் கணக்கின் இருப்புக்கு வட்டி இல்லை என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

இவற்றுடன் ஒரு தனி ஏற்பாடும் இருந்தது. முதலீட்டுக் கூட்டாளி தம் முதலுக்கு அப்பால் 3,00,000 தொகையை ஆண்டுக்கு 6% வட்டியில் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். இந்தக் கடனை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் எவருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்த தவறு இதில்தான் இருந்தது.

எழுத்து ஒப்பாவணம் இருந்தது இவர்களின் நல்வாய்ப்பு என்றே சொல்வேன். ஒப்பந்தம் ஏதும் இல்லாத இடத்தில் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 1890ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கூட்டாண்மைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலையை எடுக்கின்றன: இலாபம் சமமாகப் பகிரப்படும், கூட்டாளி செய்யும் வேலைக்கு ஊதியம் கிடையாது, முதல் மீது வட்டி கோர முடியாது. முதலுக்கு அப்பால் கொடுத்த முன்பணத்துக்கு மட்டும் வட்டி உண்டு. அது முதற்சட்டத்தில் 5%, இரண்டாவதில் 6%. பத்து இலட்சம் போட்டவரும் இரண்டு இலட்சம் போட்டவரும் சமப் பங்கு பெறும் அந்த ஏற்பாட்டை இந்த மூவரில் எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

கணக்கர் செய்தது

கணக்கர் காட்டிய நிகர இலாபம் 3,99,100. அதிலிருந்து அவர், இலாபத்தைக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் காட்டும் பகிர்வுக் கணக்கைத் தொடங்கினார். எடுப்புகள் மீதான வட்டியாக 14,600 சேர்த்தார். முதல் மீதான வட்டியாக 1,20,000, நிர்வாகக் கூட்டாளியின் ஊதியமாக 1,80,000 கழித்தார். எஞ்சிய 1,13,700 தொகையை 2:2:1 விகிதத்தில் 45,480, 45,480, 22,740 என்று பிரித்தார். கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த நான்கு தொகைகளில் நிகர இலாபமும் தவறு, எடுப்பு வட்டியும் தவறு, முதல் வட்டியும் தவறு. சரியாக இருந்தது ஊதியம் ஒன்றுதான். அந்தச் சரியான தொகையே இரண்டாம் முறையாகக் கழிக்கப்பட்டிருந்தது.

ஊதியத்தின் கதை இது. நிர்வாகக் கூட்டாளி மாதந்தோறும் 15,000 ரொக்கமாகப் பெற்றார். கணக்கர் ஒவ்வொரு மாதமும் அதை ஊழியர் சம்பளக் கணக்கில் பற்று வைத்தார். ஆண்டு இறுதியில் அந்தக் கணக்கு மொத்தமும் இலாப நட்டக் கணக்குக்குச் சென்றது. ஆக 1,80,000 நிகர இலாபத்தைக் காணும் முன்பே செலவாகக் கழிந்துவிட்டது. பிறகு, கூட்டாளிக்கு ஊதியம் உண்டு என்ற ஒப்பாவண விதியைப் படித்தவர், அதே 1,80,000 தொகையைப் பகிர்வுக் கணக்கில் பற்று வைத்து, கூட்டாளியின் நடப்புக் கணக்கில் வரவு வைத்தார். ரொக்கம் கொடுத்தபோது அந்த நடப்புக் கணக்கில் பற்று எதுவும் விழவில்லை. எனவே ஆண்டு முழுவதும் ஊதியம் பெற்றுக்கொண்ட ஒருவர், ஒரு மாத ஊதியம்கூடப் பெறாதவர்போல் ஏட்டில் நின்றார்.

இதைக் கண்டுபிடிக்க நீண்ட ஆய்வு தேவைப்படவில்லை. நிர்வாகக் கூட்டாளியின் நடப்புக் கணக்கில் வரவுப் பக்கத்தில் ஊதியம் இருக்கிறது, பற்றுப் பக்கத்தில் ஊதியம் பெற்ற பதிவு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் ஊதியம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்று பொருள். ஆனால் ரொக்க ஏடு பன்னிரண்டு முறை கொடுத்ததாகச் சொல்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. கூட்டாளி ஊதியம் பெறும் எந்த நிறுவனத்திலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு பக்கங்களைத்தான்.

கூட்டாளியின் ஊதியம் ஏன் செலவு ஆகாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஊழியருக்குக் கொடுப்பது, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும், இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய கடப்பாடு. கூட்டாளி நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். தமக்குத் தாமே ஊழியராக இருக்க அவரால் முடியாது. அவர் உழைப்புக்காக மற்றவர்களைவிடச் சற்று முன்னதாக, இலாபத்திலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொள்ள மூவரும் உடன்பட்டிருக்கிறார்கள். ஊதியம் என்ற பெயர் அந்த உடன்பாட்டுக்கு வைத்த பெயர்தான். அதனால் அதன் இடம் பகிர்வுக் கணக்கு. மாதந்தோறும் கொடுத்த ரொக்கம் அவர் நடப்புக் கணக்கில் பற்று, ஆண்டு இறுதியில் ஒதுக்கும் ஊதியம் அதே கணக்கில் வரவு. ஒப்பாவணமே மாதந்தோறும் கொடுக்கச் சொல்வதால், இந்த ரொக்கம் எடுப்பாகக் கருதப்படாது. அதற்கு எடுப்பு வட்டியும் கிடையாது.

கடன் முதலாகிய இடம்

முதல் மீதான வட்டியைக் கணக்கர் 78,000, 24,000, 18,000 என்று கணக்கிட்டிருந்தார். முதல் எண்ணைப் பார்த்தவுடனே ஐயம் எழுகிறது. 6% வட்டி 78,000 ஆக வேண்டுமானால் முதல் 13,00,000 ஆக இருக்க வேண்டும். கடனாக வந்த 3,00,000 தொகையும் முதல் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தது. இளைய கூட்டாளியின் 18,000 என்பதும் அப்படியே: ஆண்டு இறுதி முதலான 3,00,000 மீது முழு ஆண்டு வட்டி. அவர் புதிதாகக் கொண்டுவந்த 1,00,000 நிறுவனத்தில் இருந்தது நான்கு மாதங்கள்தான். அதற்குரிய வட்டி 2,000. தொடக்க முதலுக்குரிய 12,000 தொகையோடு சேர்த்து அவர் பெற வேண்டியது 14,000.

இளைய கூட்டாளியின் பிழை எளிய காலப் பிழை. கடன் பற்றிய பிழை வேறு வகையைச் சேர்ந்தது. கூட்டாளி கொடுத்த கடனின் வட்டி இலாபத்தின் மீதான பொறுப்பு. இலாபத்தைக் கண்ட பிறகு செய்யும் பகிர்வு அன்று. வெளியார் ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தால் எப்படி இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்திருப்போமோ, அப்படியே கூட்டாளியின் கடன் வட்டியையும் வைக்க வேண்டும். இங்கே அந்த 18,000 பகிர்வுக் கணக்கில் முதல் வட்டியோடு கலந்திருந்தது. இந்த ஆண்டில் அதனால் எவருக்கும் இழப்பில்லை. மேலே கழித்தாலும் கீழே கழித்தாலும் மிஞ்சுவது ஒன்றே. அதனால்தான் இது கண்ணில் படவில்லை. எப்போது இது கடிக்கும் என்பதை இறுதியில் பார்ப்போம்.

நிகர இலாபத்தைத் திருத்துவது இப்போது எளிது. கணக்கரின் 3,99,100 தொகையோடு தவறாகச் செலவிட்ட ஊதியம் 1,80,000 சேர்த்தால் 5,79,100. கடன் வட்டி 18,000 கழித்தால் 5,61,100. பகிர்வுக் கணக்கு தொடங்க வேண்டிய தொகை இதுவே.

எடுப்புகளின் காலம்

எடுப்பு வட்டியில் கணக்கர் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தார். மூவரும் எடுத்த மொத்தம் 3,65,000; அதற்கு ஆறு மாத வட்டி 14,600. எடுத்த நாள் தெரியாதபோது ஆண்டின் நடுவில் எடுத்ததாகக் கொண்டு ஆறு மாதம் வட்டி போடுவது வழக்கம்தான். ஆனால் இங்கே ரொக்க ஏட்டில் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருந்தது. நாள் தெரிந்திருக்கும்போது அந்த வழக்கத்துக்கு இடமில்லை.

முதலீட்டுக் கூட்டாளி நான்காம் மாத இறுதியில் 1,50,000 எடுத்தார். அந்தப் பணம் நிறுவனத்துக்கு வெளியே இருந்த காலம் எட்டு மாதம். 8% வீதத்தில் வட்டி 8,000.

இளைய கூட்டாளி ஒவ்வொரு மாத இறுதியிலும் 10,000 எடுத்தார். முதல் எடுப்புக்குப் பதினொரு மாதம், கடைசி எடுப்புக்குச் சுழியம். இரண்டுக்கும் சராசரி 5.5 மாதம். 1,20,000 மீது 5.5 மாதத்துக்கு 8% வீதத்தில் 4,400. இதையே மாதத் தொடக்கத்தில் எடுத்திருந்தால் சராசரி 6.5 மாதமாகி 5,200 வந்திருக்கும். மாத நடுவில் எடுத்திருந்தால் 6 மாதம், 4,800. தொகை சமமாகவும் இடைவெளி சமமாகவும் இருக்கும் வரைதான் இந்தச் சராசரி செல்லும். இடையில் ஒரு மாதம் எடுக்காமல் விட்டாலும், ஒரு மாதம் இருமடங்கு எடுத்தாலும் அது பொய்த்துவிடும்.

நிர்வாகக் கூட்டாளியின் எடுப்புகள் அப்படிச் சீராக இல்லை. இரண்டாம் மாத இறுதியில் 30,000, ஐந்தாம் மாத இறுதியில் 45,000, ஒன்பதாம் மாத இறுதியில் 20,000. இங்கே பெருக்குத்தொகை முறைதான் பொருந்தும். ஒவ்வொரு தொகையையும் அது வெளியே இருந்த மாதங்களால் பெருக்கினால் 3,00,000, 3,15,000, 60,000 என்று வரும், மொத்தம் 6,75,000. இந்த மொத்தத்துக்கு ஒரே ஒரு மாத வட்டி கண்டால் போதும்: 6,75,000 × 8 ÷ 100 ÷ 12, அதாவது 4,500.

மூன்றும் சேர்ந்து எடுப்பு வட்டி 16,900. ஒப்பாவணத்தில் 'ஆண்டுக்கு' என்ற சொல் இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். வெறுமனே 8% என்று மட்டும் எழுதியிருந்தால், காலத்தைப் பார்க்காமல் எடுத்த தொகை முழுவதற்கும் 8% வைப்பது பாடநூல் மரபு. அப்போது எடுப்பு வட்டி 29,200 ஆகியிருக்கும். ஒரு சொல்லின் விலை 12,300.

திருத்திய பகிர்வுக் கணக்கு

| பற்று | தொகை | வரவு | தொகை |
|---|---|---|---|
| முதல் மீது வட்டி: முதலீட்டுக் கூட்டாளி | 60,000 | நிகர இலாபம் (கடன் வட்டிக்குப் பின்) | 5,61,100 |
| நிர்வாகக் கூட்டாளி | 24,000 | எடுப்புகள் மீது வட்டி: முதலீட்டுக் கூட்டாளி | 8,000 |
| இளைய கூட்டாளி | 14,000 | நிர்வாகக் கூட்டாளி | 4,500 |
| நிர்வாகக் கூட்டாளியின் ஊதியம் | 1,80,000 | இளைய கூட்டாளி | 4,400 |
| இலாபப் பங்கு: முதலீட்டுக் கூட்டாளி | 1,20,000 | | |
| நிர்வாகக் கூட்டாளி | 1,20,000 | | |
| இளைய கூட்டாளி | 60,000 | | |
| மொத்தம் | 5,78,000 | மொத்தம் | 5,78,000 |

எல்லாவற்றையும் சேர்த்தால் முதலீட்டுக் கூட்டாளிக்கு 1,72,000, நிர்வாகக் கூட்டாளிக்கு 3,19,500, இளைய கூட்டாளிக்கு 69,600. இவற்றின் கூட்டுத்தொகை 5,61,100, அதாவது நிகர இலாபமே. இந்தச் சரிபார்ப்பை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. எடுப்பு வட்டியை வரவுப் பக்கம் சேர்ப்பதால் பங்கிட ஏதோ கூடுதலாகக் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனெனில் கூட்டாளிகள் மூவருக்கும் பகிர்வுக் கணக்கு விளங்கியது இங்கேதான். ஒப்பாவணத்தில் வட்டியும் ஊதியமும் இல்லாமல் 2:2:1 விகிதம் மட்டும் இருந்திருந்தால், 5,61,100 என்பது 2,24,440, 2,24,440, 1,12,220 என்று பிரிந்திருக்கும். வட்டி, ஊதியம் ஆகிய ஒவ்வொரு வரியும் இந்த மூன்று தொகைகளை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர்த்துவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

முதல் வட்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 98,000. இது மிஞ்சும் இலாபத்தைக் குறைப்பதால், அந்தச் சுமையை மூவரும் 2:2:1 விகிதத்தில் சுமக்கிறார்கள்: 39,200, 39,200, 19,600. முதலீட்டுக் கூட்டாளி 60,000 பெற்று 39,200 சுமப்பதால் அவருக்கு மெய்யான ஆதாயம் 20,800. நிர்வாகக் கூட்டாளி 24,000 வட்டி பெற்றும் 15,200 இழக்கிறார். இளைய கூட்டாளி 14,000 பெற்றும் 5,600 இழக்கிறார். நடப்புக் கணக்கில் வட்டி என்று வரவு விழுவதாலேயே அது ஆதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. முதல்களின் விகிதத்தில் ஒருவரின் பங்கு, இலாப விகிதத்தில் அவரது பங்கைவிடப் பெரிதாக இருந்தால்தான் முதல் வட்டி அவருக்கு நன்மை தரும்.

ஊதியத்திலும் அப்படியே. 1,80,000 ஊதியத்தில் 72,000 நிர்வாகக் கூட்டாளியின் சொந்தப் பங்கிலிருந்தே போகிறது. மற்ற இருவரும் கொடுப்பது 1,08,000. அவர் உழைப்புக்கு மற்றவர்கள் உண்மையில் தரும் விலை அதுதான். ஊதியத்தை உயர்த்தக் கேட்பவரும் அதை எதிர்ப்பவரும் பேச வேண்டிய எண் இது. ஒப்பாவணத்தில் எழுதியிருக்கும் எண் அன்று.

எடுப்பு வட்டி இன்னும் வியப்பைத் தந்தது. முதலீட்டுக் கூட்டாளி மீது 8,000 வட்டி விழுந்தது என்று அவர் வருந்தினார். ஆனால் மொத்த எடுப்பு வட்டியான 16,900 தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 6,760, அவருக்கே திரும்பி வருகிறது. அவருக்கு உண்மையான இழப்பு 1,240. நிர்வாகக் கூட்டாளி 4,500 செலுத்தி 6,760 பெறுவதால் 2,260 ஆதாயம் அடைகிறார். இளைய கூட்டாளிக்கு இழப்பு 1,020. மூன்றையும் கூட்டினால் சுழியம். மூவரும் தங்கள் இலாப விகிதத்திலேயே, ஒரே நாட்களில் எடுத்திருந்தால், எடுப்பு வட்டி எவர் பங்கையும் மாற்றியிருக்காது.

ஒரே பதிவில் திருத்தம்

சரியான நடப்புக் கணக்குகளை எழுதினால், முதலீட்டுக் கூட்டாளிக்கு 42,000 வரவிருப்பு, நிர்வாகக் கூட்டாளிக்கு 54,500 வரவிருப்பு, இளைய கூட்டாளிக்கு 62,400 பற்றிருப்பு வருகிறது. (நிர்வாகக் கூட்டாளி 10,000 வரவிருப்புடனும், இளைய கூட்டாளி 12,000 பற்றிருப்புடனும் ஆண்டைத் தொடங்கியிருந்தனர்.) கணக்கர் காட்டிய இருப்புகள் முறையே 12,520 பற்று, 1,60,680 வரவு, 96,060 பற்று.

கணக்கரின் மூன்று இருப்புகளையும் கூட்டினால் 52,100 வரவு. திருத்திய மூன்றையும் கூட்டினால் 34,100. அதோடு கொடுபட வேண்டிய கடன் வட்டி 18,000 சேர்த்தால் அதுவும் 52,100. நிறுவனத்தின் சொத்தும் வெளியார் கடனும் மாறவில்லை, கூட்டாளிகளுக்குரிய மொத்தமும் மாறவில்லை. அந்த மொத்தத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் மாறியிருந்தது. இத்தகைய தவற்றை இருப்பாய்வு ஒருபோதும் காட்டிக் கொடுக்காது.

ஏடுகள் அடைக்கப்பட்டுவிட்டதால் பழைய பதிவுகளைத் திறக்காமல் ஒரே சரிக்கட்டுப் பதிவாகத் திருத்தினோம். நிர்வாகக் கூட்டாளியின் நடப்புக் கணக்கில் 1,06,180 பற்று. முதலீட்டுக் கூட்டாளியின் நடப்புக் கணக்கில் 54,520, இளைய கூட்டாளியின் நடப்புக் கணக்கில் 33,660, கொடுபட வேண்டிய கடன் வட்டிக் கணக்கில் 18,000 வரவு. தனிப் பதிவாக 3,00,000 தொகையை முதல் கணக்கிலிருந்து கூட்டாளிக் கடன் கணக்குக்கு மாற்றினோம். நிர்வாகக் கூட்டாளி மனம் கோணாமல் ஒப்புக்கொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மிகையாக நின்ற வரவைக் கொண்டு அவர் அதுவரை ஒன்றும் எடுத்திருக்கவில்லை.

இலாபம் போதாத ஆண்டு

கடன் வட்டியின் இடம் ஏன் முக்கியம் என்பதற்கு, அடுத்த ஆண்டில் இலாபம் சரிந்ததாகக் கொள்வோம். எடுப்புகள் இல்லை; கடன் வட்டிக்குப் பின் நிகர இலாபம் 1,41,000 மட்டும். இளைய கூட்டாளியின் முதல் இப்போது ஆண்டு முழுவதும் 3,00,000. முதல் வட்டி 60,000, 24,000, 18,000, ஊதியம் 1,80,000. கோரிக்கைகளின் மொத்தம் 2,82,000, இருப்பது அதில் சரிபாதி.

முன்னுரிமை பற்றி ஒப்பாவணம் எதுவும் சொல்லாவிட்டால், ஒதுக்கீடுகள் இலாபத்தின் அளவோடு நிற்கும், கோரிக்கைகளின் விகிதத்திலேயே குறையும் என்பது ஒரு முறை. முதல் வட்டி இலாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கத்தக்கது என்று மேலே சொன்ன 13ஆம் பிரிவும் கூறுகிறது. அப்படிச் செய்தால் முதலீட்டுக் கூட்டாளிக்கு 30,000, நிர்வாகக் கூட்டாளிக்கு வட்டி 12,000 உடன் ஊதியம் 90,000 சேர்த்து 1,02,000, இளைய கூட்டாளிக்கு 9,000.

வட்டியையும் ஊதியத்தையும் முழுமையாக ஒதுக்கிவிட்டு, குறையும் 1,41,000 தொகையை நட்டமாகக் கருதி 2:2:1 விகிதத்தில் சுமப்பது இன்னொரு முறை. இங்கிலாந்துப் பாடமுறையில் இதுவே வழக்கம். அதன்படி முதலீட்டுக் கூட்டாளிக்கு 3,600, நிர்வாகக் கூட்டாளிக்கு 1,47,600, இளைய கூட்டாளிக்கு 10,200 நட்டம். ஒரே இலாபம், ஒரே ஒப்பாவணம். ஆனால் நிர்வாகக் கூட்டாளிக்கு மட்டும் 45,600 வேறுபாடு. எந்த முறையைப் பின்பற்றுவது என்று சொல்லும் ஒரு வாக்கியம் இந்த மூவரின் ஒப்பாவணத்தில் இல்லை. இலாபம் நன்றாக இருக்கும்போதே, எவருக்கு எது நன்மை என்று தெரிவதற்கு முன்பே, அதை எழுதிச் சேர்க்கும்படி நான் வற்புறுத்தினேன்.

இப்போது கடனுக்கு வருவோம். முதல் முறையையே பின்பற்றி, ஆனால் கணக்கர் செய்ததுபோல் கடனை முதலோடு கலந்து பார்த்தால், கடன் வட்டியைக் கழிக்காத இலாபம் 1,59,000, கோரிக்கைகள் 3,00,000. ஒவ்வொருவருக்கும் 53% மட்டுமே கிடைக்கும். முதலீட்டுக் கூட்டாளியின் 78,000 கோரிக்கைக்கு வருவது 41,340. கடனைத் தனியே வைத்திருந்தால் அவர் பெறுவது கடன் வட்டி 18,000 முழுமையாகவும், முதல் வட்டி 30,000 ஆகவும், மொத்தம் 48,000. நல்ல ஆண்டில் ஒரு காசும் மாற்றாத அதே பதிவு, மெலிந்த ஆண்டில் அவரிடமிருந்து 6,660 தொகையை எடுத்து மற்ற இருவருக்கும் கொடுத்துவிடுகிறது. கலைப்பு நேர்ந்தால் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும், ஏனெனில் கூட்டாளியின் கடன், முதல்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. முதல் கணக்கில் கரைந்துபோன 3,00,000 தொகைக்கு அந்த முன்னுரிமையை அப்போது எந்த ஏட்டைக் காட்டி நிலைநாட்டுவது என்று முதலீட்டுக் கூட்டாளி கேட்டார். கடன் கணக்கைத் தனியே திறந்த அன்றே, கடன் கொடுத்த நாளையும் வட்டி வீதத்தையும் குறித்து மூவரும் கையெழுத்திட்ட ஒரு தாளை அந்தப் பேரேட்டுப் பக்கத்தோடு இணைத்து வைத்தோம்.